ரிப்போட் எல்லாம் நோமல், நாலு வருஷமா புள்ள இல்ல, ஆனா டொக்டர்ட்ட சொல்லாத ஒரு விஷயம் இரிக்கு

களுவாஞ்சி_ஆள் எழுதினது:

வணக்கம், பேர் சொல்லாம கேக்குறன் குறை நினைக்காதீங்க. எனக்கு 34, அவக்கு 29, கல்யாணமாகி நாலு வருஷம். எங்கட பக்கத்து வழக்கம்போல நான்தான் பொம்புள வீட்ட வந்து இருக்கன், மாமா மாமி அதே வளவுக்குள்ள, எங்கட அறைக்கும் மாமிட அறைக்கும் நடுவுல ஒரு பலகை மறைப்புத்தான்.

பிரைவேட்ல ஒரு டொக்டர சனல் பண்ணி காட்டிக்கொண்டு வாறம். என்ட விந்து ரிப்போட் நல்லம், அவட தைரோயிட் சரி, மாசம் மாசம் முட்டை வெடிக்குது எண்டு வயித்து மேலால பார்த்த ஸ்கேன்ல தெரியுது. முட்டை வளர குளிசை தந்து, இன்ன நாள்ல இருந்து இன்ன நாள் வரைக்கும் சேருங்க எண்டு கலண்டர்ல வட்டம் போட்டுத் தந்தாரு. பிறகு குழாய் அடைப்பு இருக்கா எண்டு மருந்து விட்டு எக்ஸ்ரே எடுக்கப் போனா, அவ மேசையில ஏறினதும் காலை இறுக்கிக்கொண்டு அழுது செய்ய ஏலாமப் போயிட்டு. அங்க நிண்ட நேர்ஸ் ஒராள் "புள்ள வேணுமெண்டா இதெல்லாம் தாங்கத்தான் வேணும்" எண்டு ஏசினா.

சொல்லாத விஷயம் என்னெண்டா, எங்களுக்குள்ள இன்னும் முழுசா நடக்கல்ல. முதல் ராத்திரில இருந்தே. கிட்டப் போனா அவட தொடை இறுகும், இடுப்பு மேல போகும், எரியுது எண்டுவா, எனக்கு ஒரு சுவர்ல முட்டுற மாதிரி இருக்கும். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் அப்படியே போச்சு, இப்ப கொஞ்ச காலமா எனக்கும் அந்த நேரம் பார்த்து விறைப்பு இறங்கிப் போகுது. காலையில எழும்பக்குள்ள எல்லாம் சரியா இருக்கு. டொக்டர் ஒருநாளும் இதக் கேக்கல்ல, "எத்தனை வருஷம்" எண்டுதான் கேட்டாரு, நானும் சொல்லல்ல. இப்ப விந்து உள்ள விடுற சிகிச்சை செய்வம் எண்டுறாரு. எனக்கு ரெண்டு கேள்வி, அதுக்கும் குழாய் உள்ள போடுவாங்களா, மற்றது நான் ஏதும் குளிசை போட்டா சரிவருமா?

---

வாகரை_மச்சான் எழுதினது:

மச்சான் யோசிக்காத. எங்கட பெரியப்பாட மகனுக்கும் இதே மாதிரி அணு குறைவுதான், வாகரைப் பக்கம் ஒரு பரியாரி இருக்காரு, முருங்கை விதையும் பாலும் வேற என்னமோ தூளும் குடுத்தாரு, மறுவருஷமே ஆம்புளப் புள்ள. இறுக்கமான ஜீன்ஸ் போடாத, லப்டொப்ப மடியில வைக்காத.

---

களுவாஞ்சி_ஆள் எழுதினது:

மச்சான் நன்றி, ஆனா அணு எனக்குக் குறைவில்ல. அது போற இடத்துக்குப் போகல்ல எண்டதுதான் பிரச்சினை.

---

பாமசி_ஏறாவூர் எழுதினது:

நான் பாமசியில கன வருஷம் நிக்கன் தம்பி, உங்கள மாதிரி ஆக்கள் தினமும் வாறாங்க, கடையில ஆள் குறையும் வரைக்கும் நிண்டு மெதுவாக் கேப்பாங்க. சில்டெனாபில் 50 எடுங்க, ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, பிரியாணி திண்டுபோட்டு எடுத்தா வேலை செய்ய நேரமாகும். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை, இல்லாட்டி நைட்ரேட் வகை வேற ஏதும் பாவிக்கிற ஆளெண்டா தொடவே கூடாது, பிரஷர் படுக்கெண்டு இறங்கி உயிருக்கே ஆபத்து. டொக்டர்ட துண்டோட வாங்க. மத்தப்படி நல்ல மருந்து. விறைப்பு சரியானா எல்லாம் சரி, பொஞ்சாதிக்கு முதல்ல கொஞ்சம் நோகத்தான் செய்யும், பழகினா பெய்த்திரும்.

---

கிளினிக்_அக்கா எழுதினது:

பாமசி தம்பி நெஞ்சு வருத்தத்தப் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா கடைசி வசனம் இருக்கே, "பழகினா பெய்த்திரும்" எண்டது, அத நம்பித்தான் கன குடும்பம் பத்து வருஷம் வீணாப் போட்டிருக்கு. நான் மட்டக்களப்புல பொம்புளைகள் கிளினிக்ல நேர்ஸா இருந்து ரிட்டயர் ஆன ஆள், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

களுவாஞ்சி தம்பி, உங்கட கதையில எது முதல்ல வந்தது எண்டத நீங்களே எழுதியிருக்கீங்க. முதல்ல அவட இறுக்கம், பிறகுதான் உங்கட இறக்கம். காலையில விறைப்பு சரியா இருக்கு எண்டா ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் ஓகே எண்டு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் அவ அழுறதப் பார்த்து, நோகடிக்கிறன் எண்ட எண்ணம் வந்து, போதாததுக்குக் கலண்டர்ல வட்டம் போட்டு இண்டைக்குச் செய்தே ஆகணும் எண்டா எந்த ஆம்புளைக்கும் அப்படித்தான் ஆகும். இதுல குளிசையப் போட்டு விறைப்ப மட்டும் சரிபண்ணினா என்ன நடக்கும்? இறுகியிருக்கிற இடத்துல இன்னும் பலமா முட்டுவீங்க, அவட பயம் இன்னும் ஏறும். குளிசைக்கு இடம் இருக்கு, ஆனா இப்ப இல்ல, அவ ரெடியான பிறகு.

விந்து உள்ள விடுற சிகிச்சைக்கும் ஓம், கருவி வைச்சு யோனி வாயைத் திறந்துதான் மெல்லிய குழாயைக் கருப்பைக்குள்ள விடுவாங்க. எக்ஸ்ரே மேசையில நடந்ததுதான் அங்கயும் நடக்கும். அவ பயந்தாங்கொள்ளி எண்டு நினைக்க வேணாம். கண்ணுக்கு நேர விரல் வந்தா இமை தானா மூடுதே, அது மாதிரி அடிவயித்துக்குக் கீழ இருக்கிற தசைகள் அவட சொல்லுக் கேக்காம மூடுது. வெஜைனிஸ்மஸ் எண்டு எழுதுவாங்க.

உறுதிப்படுத்த அவட்ட மூணு விஷயம் கேட்டுச் சொல்லுங்க. நோவு யோனி வாயில வருதா, உள்ளுக்கு ஆழத்துல வருதா? தன்ட விரல உள்ள வைக்க அவக்கு ஏலுமா? சேராத நாள்லயும் எரிவு, கடி, கெட்ட வெள்ளைபடுதல் ஏதும் இருக்கா?

---

களுவாஞ்சி_ஆள் எழுதினது:

கேட்டன் அக்கா. வாயிலயேதான், உள்ளுக்கு எண்டு சொல்ல உள்ள போனதே இல்ல. விரல் எண்டதும் முகத்த மறுபக்கம் திருப்பிட்டா, ஒருநாளும் செய்ததில்லையாம், நினைச்சாலே ஒரு மாதிரி வருதாம். மத்த நாள்ல எரிவு ஒண்டும் இல்ல, பீரியட்ஸ் ஒழுங்கா வருது. கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு சொந்தக்காரி "ரத்தம் வரும், பல்லக் கடிச்சுக்கொண்டு கிட" எண்டு சொன்னாவாம், அது இப்பதான் என்னட்டயே சொன்னா. மற்றது மாமிட அறையில இருமினாலும் எங்களுக்குக் கேக்கும், அப்ப எங்கட சத்தமும் அங்க கேக்கும்தானே எண்டு அவக்கு எப்பவும் ஒரு பதட்டம்.

ஒரு டொக்டர் முதல்ல சொன்னாரு கன்னிச்சவ்வு தடிப்பா இருக்கலாம், சின்ன ஒப்பரேசன் செய்வம் எண்டு. அது செய்யவா?

---

கிளினிக்_அக்கா எழுதினது:

பார்க்காம ஒப்பரேசனுக்கு ஓம் சொல்லாதீங்க தம்பி. உண்மையாத் தடிச்ச சவ்வு, நடுவுல தோல் மறைப்பு எண்டு இருக்கிற பிள்ளைகளும் இருக்காங்க, ஆனா அது கண்ணால பார்த்தும், பஞ்சுக்குச்சியால மெல்லத் தொட்டும் கண்டுபிடிக்கிற விஷயம், அதுக்குக் கருவி உள்ள போடவே தேவையில்ல. தசை இறுக்கத்துக்குச் சவ்வ வெட்டினா தசை அப்படியேதான் இறுகும், போதாததுக்குத் தையல் போட்ட இடமும் நோகும். வெட்டிப்போட்டு அதே பிரச்சினையோட திரும்பி வந்த பிள்ளைகள நான் கண்டிருக்கன்.

இதுக்குச் செய்யுற வேலை மெதுவானது, ஆனா சிக்கலில்ல. முதல் விதி, இனி நான் சொல்லும் வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சேர முயற்சி செய்யவே கூடாது. தொடலாம், அணைக்கலாம், உள்ள விடுறது மட்டும் தடை. கேக்க விசித்திரமா இருக்கும். இந்தத் தடையாலதான் அவக்கு "இப்ப நோகப்போகுது" எண்ட எதிர்பார்ப்பு குறையும், உங்களுக்கும் பரீட்சை எழுதுற நினைப்பு போகும், சில பேருக்கு இதோடயே விறைப்பு நிலைக்கத் தொடங்கிரும்.

அவ தனியா செய்யுறது இப்படி. கதவப் பூட்டிக்கொண்டு, தலையணையில சாய்ஞ்சு, முழங்கால மடிச்சு வைச்சு, முதல்ல கண்ணாடி பிடிச்சு அந்த இடத்தப் பார்க்கட்டும். கன பொம்புளைகள் முப்பது வயசு வரைக்கும் பார்த்ததே இல்ல, உள்ளுக்கு ஓட்டையே இல்ல எண்டு நம்பிக்கொண்டு இருப்பாங்க. பிறகு மூத்திரத்த அடக்குற மாதிரி அந்தத் தசைய இறுக்கி, விட்டு, இறுக்கி, விட்டுப் பழகணும். இதுல பெறுமதியானது விடுறதுதான், இறுக்குறது இல்ல, சில பேர் நெட்ல பார்த்து இறுக்கிற பயிற்சிய மட்டும் செய்து இன்னும் கெடுத்துக்கொள்ளுவாங்க. மூச்ச வயித்துக்கு இழுத்து வெளிய விடக்குள்ள லேசா முக்கினா வாய் தானா இளகும், அந்த நேரம் ஜெல் பூசின சின்னி விரல் நுனி. எரிஞ்சா எடுக்கத் தேவையில்ல, தள்ளவும் தேவையில்ல, அதே இடத்துல வைச்சுக்கொண்டு எரிவு அடங்கும் வரைக்கும் நிக்கணும். தினமும் பத்து பதினைஞ்சு நிமிஷம் போதும். சின்னி விரல் சும்மா இருக்கிற மாதிரி ஆனாப் பிறகுதான் சுட்டுவிரல், பிறகு ரெண்டு விரல். சிறுசுல இருந்து பெருசு வரைக்கும் செட்டா வாற பிளாஸ்டிக் டயலேட்டர் இருந்தா அதாலயும் செய்யலாம், விரல் அருவருப்பா இருக்கிற ஆக்களுக்கு அது லேசு.

அதுக்குப் பிறகு உங்கட விரல், ஆனா உங்கட கையைப் பிடிச்சு உள்ள விடுறது அவ. கடைசியாத்தான் மற்றது, அவ மேல இருந்து, தன்ட பாட்டுக்கு, உள்ள போனதும் அசையாம. அந்தக் கட்டத்துல உங்களுக்கு இறங்கினா அப்ப டொக்டர்ட்டக் கேட்டு பாமசி தம்பிட குளிசை. சில பேருக்கு சில கிழமை, சில பேருக்கு பல மாசம்.

பலகை மறைப்பப் பத்தி எனக்கு மருந்து தெரியாது. ஒரு ரேடியோ வாங்கி வைங்க, இல்லாட்டி வாடகைக்கு ஒரு வீடு பாருங்க, மாமி கோவிப்பாதான்.

---

உம்மு_அக்கரைப்பற்று எழுதினது:

ராத்தா, இத வாசிச்சிட்டு எழுதாம இரிக்க ஏலல்ல. எனக்கும் கலியாணம் முடிச்சு ஆறு வருஷமா நோவு, எல்லாரும் பயம் பயம் எண்டு சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா எனக்கு வாயில நோகாது, உள்ள போய் முட்டக்குள்ளதான் கத்தியால குத்துற நோவு, மாதவிடாய் நேரமும் எழும்ப ஏலாது, மலம் போகக்குள்ளயும் நோகும். நோவுக்குப் பயந்து மாசத்துல ஒருக்கா, சில மாசம் அதுவும் இல்ல. கடைசியில எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை உள்தோல் மாதிரி ஒண்டு கருப்பைக்கு வெளிய வளர்ற வருத்தம் எண்டு வயித்துக்குள்ள கமரா விட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சிச்சு. அதனால களுவாஞ்சி தம்பி, ஒங்கட மனிசிக்கும் எண்டோமெட்ரியோசிஸ்தான், விரல் வேலையெல்லாம் செய்யாம கமரா போட்டுப் பாருங்க.

---

கிளினிக்_அக்கா எழுதினது:

தங்கச்சி, உங்கள பயம் எண்டு அனுப்பினது பெரிய பிழை. ஆனா உங்கட நோவு ஆழத்துல, பீரியட்ஸோட ஏறி இறங்குது. அவட நோவு வாயில, பீரியட்ஸ் ஒழுங்கு, விரலே போகல்ல. அதுதான் நான் முதல்ல எந்த இடத்துல எண்டு கேட்டன். ரெண்டும் சேர்ந்தும் வரும், ஆழத்துல நொந்து நொந்து பிறகு வாயும் தானா இறுகத் தொடங்கிரும், அதனால அவ வாயைக் கடந்த பிறகும் உள்ளுக்கு நொந்தா அப்ப உங்கட கதைய யோசிக்க வேணும். இப்பவே கமரா போட அவசரமில்ல.

---

சீனிக்காரன் எழுதினது:

எனக்கு 41. எனக்கு எதிர்மாறு. மனிசிக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, எனக்குத்தான் இறங்குது, காலையிலயும் இல்ல, தனியாவும் இல்ல, படிப்படியா வந்தது. ரெண்டாவது புள்ள வரல்ல எண்டு அவவத்தான் கிளினிக்குக்கு அனுப்பிக்கொண்டு இருந்தாங்க எங்கட வீட்டாக்கள். சீனி பார்த்தா ஏறிக்கிடந்தது, அதுவரைக்கும் எனக்குச் சீனி வருத்தம் எண்டே தெரியாது. ஒருத்தர் ஆண் ஹோர்மோன் ஊசி போடு, சக்தி வரும் எண்டாரு, போடலாமா?

---

கிளினிக்_அக்கா எழுதினது:

புள்ள வேணுமெண்டா அந்த ஊசியப் போடாதீங்க தம்பி. வெளியால ஹோர்மோன் வந்தா மூளை "போதும்" எண்டு விதைக்குச் சொல்லிரும், அணு உற்பத்தி குறைஞ்சு பூச்சியத்துக்கும் போகலாம், ஊசிய நிப்பாட்டினாலும் திரும்பி வர மாசக்கணக்கு, சில நேரம் அதுக்கும் மேல. ஹோர்மோன் உண்மையா குறைவா எண்டு காலையில எடுத்த ரத்தத்துல பார்த்து, குறைவெண்டா அணுவக் கெடுக்காத வேற மருந்து இருக்கு.

உங்களுக்குக் காலையிலயும் இல்லாதது, படிப்படியா வந்தது, சீனி ஏறிக்கிடந்தது எல்லாம் ஒரே பக்கம் காட்டுது. சீனியக் கட்டுப்படுத்துங்க, சிகரட் இருந்தா விடுங்க, நெஞ்சையும் ஒருக்காப் பாருங்க, ஏனெண்டா நெஞ்சு ரத்தக்குழாய விட இந்தக் குழாய் சின்னது, அடைப்பு முதல்ல இஞ்சதான் தெரியும். நீங்க வேற இழை திறந்தா நல்லம், களுவாஞ்சி தம்பி குழம்பிப் போவாரு.

---

பேர்_வேணாம் எழுதினது:

நான் பொம்புள. எங்களுக்கும் அஞ்சு வருஷம் நடக்கல்ல. எங்களுக்கு ஒரு டொக்டர் வீட்டிலயே செய்யச் சொன்னாரு. என்ட மனிசன் விந்த சுத்தமான வாயகண்ட போத்தல்ல எடுத்துத் தருவாரு, நான் ஊசி கழட்டின சின்ன சிரிஞ்ச்ல இழுத்து, போகக்கூடிய அளவுக்கு வைச்சு மெல்லத் தள்ளுவன். முட்டை வெடிக்கிறதுக்கு முதல் ரெண்டு மூணு நாள்ல இருந்து ஒண்டுவிட்டு ஒரு நாள், எடுத்து அரை மணித்தியாலத்துக்குள்ள. எச்சில் போடக் கூடாது, கடையில வாங்குற சாதாரண ஜெல்லும் கூடாது, ரெண்டும் அணுவ மெதுவாக்கும் எண்டாரு டொக்டர். எனக்கு ஒரு சிரிஞ்ச் நுனி போற அளவுக்கு ஏலும், அதாலதான் சாத்தியம். சில மாசத்துல தங்கிட்டு, மகளுக்கு இப்ப ரெண்டு வயசு. அக்கா சொல்ற முழு வைத்தியத்துக்கும் காத்திருந்தா எங்கட மாமிட வாயாலயே செத்திருப்பன்.

---

பாமசி_ஏறாவூர் எழுதினது:

இது நல்ல வழிதானே! அப்ப ஏன் விரல் பயிற்சியெல்லாம்? முதல்ல புள்ளய எடுத்துப்போட்டு மத்தத ஆறுதலாப் பார்க்கலாம்.

---

கிளினிக்_அக்கா எழுதினது:

வழி எண்டது சரி, மறுக்கல்ல. ரிப்போட் நல்லா இருக்கிற, வயசு ஏறுற ஆக்களுக்கு நானும் சொல்லியிருக்கன். ஆனா தங்கச்சிட்ட ஒண்டு கேக்கட்டா, பிள்ளைப்பேறு எப்படிப் போச்சு?

---

பேர்_வேணாம் எழுதினது:

சீசர். வலி வந்து வாட்டுக்குப் போனதும் கையால கருப்பை வாய் திறந்திருக்கா எண்டு பார்க்க வந்தாங்க, நான் கட்டில்ல இருந்து இறங்கி ஓடப்பார்த்தன். முதல்லயே டொக்டர்ட்ட சொல்லி காட்ல எழுத வைச்சிருக்கலாம். இப்பவும் எங்களுக்குள்ள நடக்கல்ல. ரெண்டாவதுக்கும் சிரிஞ்ச்தான் எண்டு அவர் பகிடிக்குச் சொல்லுவாரு, எனக்குச் சிரிப்பு வராது. எண்டாலும் மகள் இருக்கா, நான் கவலைப்படல்ல.

---

கிளினிக்_அக்கா எழுதினது:

இதத்தான் சொல்ல வந்தன். புள்ள வந்ததும் பிரச்சினை தீராது, கர்ப்பத்துக்குள்ளயும் பேறு நேரமும் அது கூடவே வரும். எது முதல் எண்டு ரெண்டு பேரும் இருந்து கதைக்க வேணும், மாமியோ நானோ முடிவெடுக்க ஏலாது. 29 வயசுக்கு நான் வைத்தியம் முதல் எண்டுவன், அவ 37 எண்டா சிரிஞ்ச் முதல் எண்டிருப்பன்.

---

பாமசி_ஏறாவூர் எழுதினது:

அக்கா நீங்க புத்தகத்துல இரிக்கிறத சொல்றீங்க, ஊர்ல நாலு வருஷம் புள்ள இல்லாட்டி சனம் இரண்டாம் தாரம் கதைக்கத் தொடங்கிரும். நான் இப்பவும் புள்ள முதல் எண்டுதான் சொல்லுவன். "பழகினா பெய்த்திரும்" எண்டத மட்டும் வாபஸ் வாங்குறன்.

---

களுவாஞ்சி_ஆள் எழுதினது:

மன்னிக்கணும், கொஞ்ச காலம் வரல்ல. வேற ஒரு லேடி டொக்டர்ட்டப் போனம், நான் எழுதி வைச்ச துண்டக் குடுத்தன், வாயால சொல்ல ஏலாம. அவ வாசிச்சுப்போட்டு, இண்டைக்குக் கருவி ஒண்டும் வைக்க மாட்டன், நீங்க வேணாம் எண்டா நான் தொடவும் மாட்டன் எண்டா. அதக் கேட்டாப் பிறகுதான் இவ மேசையில ஏறினா. சவ்வு தடிப்பில்ல, மறைப்பும் இல்ல, தசை மட்டும்தான் எண்டா. மற்ற டொக்டர் தந்த முட்டைக் குளிசை இப்போதைக்குத் தேவையில்ல எண்டு நிப்பாட்டிட்டா.

இப்ப இவக்கு சுட்டுவிரல் போகுது, ரெண்டு விரல் இன்னும் எரியுது எண்டுறா. நான் ஒண்டும் கேக்காம இருக்கன், தடைய மதிக்கிறன். ஒருநாள் கூட எனக்கு இறங்கல்ல, ஆனா அது சேராம இருக்கிறதாலதான் எண்டு எனக்குள்ளயே ஒரு பயம், தடை எடுத்தா திரும்ப இறங்குமோ தெரியாது. மாமி பயிற்சி நேரம் பார்த்து "கதவ ஏன் பூட்டுற" எண்டு தட்டுறா, என்ன சொல்லி சமாளிக்கிறது?

---

உம்மு_அக்கரைப்பற்று எழுதினது:

தொழுறன் எண்டு சொல்லச் சொல்லுங்க, எங்கட உம்மா அதுக்கு மட்டும்தான் கதவத் தட்டமாட்டா. ஒங்கட வீட்டுக்கு அது சரிவராது எண்டா தலையிடி எண்டு சொல்லட்டும்.

---

வாகரை_மச்சான் எழுதினது:

பேந்துதான் முழுசா வாசிச்சன் மச்சான். முருங்கை விதைய விடு. வாடகை வீடு தேடுறயெண்டா களுதாவளைப் பக்கம் எங்கட மச்சாள்ட ஒரு வீடு சும்மா கிடக்கு, கல்வீடு, இன்பொக்ஸ்ல வா.